டேட்டா ஃபைல் காணோம், சார்ட் படம் மட்டும்தான் மிச்சம்: நிறத்தை எந்த வழியில் மாற்றலாம்?

பழைய அறிக்கை ஒன்றில் நான் போட்டிருந்த சார்ட்டைப் பார்த்துவிட்டு, சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ள ஒருவர், "இதில் எந்தக் கோடு எது என்று எனக்குத் தெரியவே இல்லை, இரண்டும் ஒரே பழுப்பாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, இரண்டே கோடு, நடுவில் மூன்று இடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். நிறத்தை மாற்றி மறுபடி வரைந்தால் ஐந்து நிமிட வேலைதான், ஆனால் சார்ட் வரைந்த ஸ்கிரிப்ட்டும் இல்லை, சிஎஸ்வி ஃபைலும் இல்லை, அவை இருந்த கணினியை எப்போதோ ஃபார்மேட் செய்தாயிற்று. கையில் இருந்தது 800 பிக்சல் அகலமுள்ள ஒரு பிஎன்ஜி படம் மட்டும்.

இந்த நிலையில் என்னென்ன வழி இருக்கிறது, எது எப்போது சரிவரும், எது சரிவருவதுபோல் காட்டிவிட்டுக் காலை வாரும் என்பதைத்தான் எழுதப் போகிறேன். என் சார்ட்டையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். மேட்பிளாட்லிப் தானாகக் கொடுக்கும் நிறங்கள்தான் அதில் இருந்தன: சிவப்பு `#d62728`, பச்சை `#2ca02c`. வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, சாம்பல் கட்டக் கோடுகள்.

முதலில்: டேட்டா உண்மையிலேயே தொலைந்துவிட்டதா?

இதை விட்டுவிட்டு நேரே படத்தில் கைவைப்பவர்கள்தான் அதிகம், நானும் அப்படித்தான் செய்தேன். சார்ட் ஒரு வேர்ட் அல்லது பவர்பாயிண்ட் ஃபைலுக்குள் இருந்தால் அந்த ஃபைலை நகலெடுத்து, கடைசி எழுத்துகளை `.zip` என்று மாற்றித் திறந்து பாருங்கள். `word/charts` அல்லது `ppt/charts` என்ற ஃபோல்டர் இருந்தால் உள்ளே `chart1.xml` போல ஒரு ஃபைல் கிடைக்கும். மூல எக்செல் எங்கோ போயிருந்தாலும், சார்ட் வரையப்பட்ட எண்கள் பெரும்பாலும் அதற்குள் `numCache` என்ற பகுதியில் அப்படியே கிடக்கும். பக்கத்திலேயே `embeddings` ஃபோல்டரில் முழு எக்செல் ஃபைலே உட்கார்ந்திருப்பதும் உண்டு. வெறும் `media` ஃபோல்டருக்குள் ஒரு படம் மட்டும் இருந்தால் யாரோ சார்ட்டைப் படமாக ஒட்டியிருக்கிறார்கள், அங்கே தேடிப் பயனில்லை.

பிடிஎஃப்பில் இருந்தால் இன்னொரு சோதனை:

```
pdfimages -list report.pdf
```

சார்ட் இருக்கும் பக்கத்துக்கு இந்தப் பட்டியலில் படம் எதுவும் வரவில்லை என்றால் அது பிக்சல் படமே இல்லை, கோடுகளாகவே இருக்கிறது, உங்களுக்கு அதிர்ஷ்டம். `pdftocairo -svg` கொடுத்து அந்தப் பக்கத்தை எஸ்விஜியாக்கி, இங்க்ஸ்கேப்பில் கோட்டைச் சொடுக்கி நிறம் மாற்றினால் முடிந்தது, விரும்பினால் கோட்டைப் புள்ளிக்கோடாகவும் ஆக்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு சிக்கல், எஸ்விஜியை எடிட்டரில் திறந்து `d62728` என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் இந்தக் கருவி நிறத்தைச் சதவீதமாக எழுதும். `rgb(83.9` என்று தேடுங்கள், வரும். 214-ஐ 255-ஆல் வகுத்தால் அதுதான்.

இந்த இரண்டில் ஒன்று அமைந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை, இதைவிட நல்ல வழி கிடையாது. அமையாதவர்களுக்குத்தான் மீதி.

நிறத்தைத் தேடி மாற்றுவது

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இது. கிம்ப்பில் ஒரே நிறப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்து வேறு நிறம் நிரப்புவது, அல்லது இமேஜ்மேஜிக்கில் ஒரு வரி:

```
magick chart.png -fuzz 15% -fill '#0072B2' -opaque '#2ca02c' out.png
```

ஃபஸ் என்பது, கேட்ட நிறத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருப்பதையும் சேர்த்துப் பிடிக்கலாம் என்ற அளவு. பட்டை சார்ட்டுக்கும் வட்ட சார்ட்டுக்கும் இது போதும். பெரிய தட்டையான நிறப் பரப்பு, ஓரத்தில் ஒரு பிக்சல் பழைய நிறம் மிஞ்சினாலும் கண்ணுக்குத் தெரியாது. கோட்டுச் சார்ட்டில்தான் இது மண்ணைக் கவ்வும்.

காரணம் கோட்டின் தடிமன். மேட்பிளாட்லிப்பில் சாதாரணக் கோடு 1.5 பாயிண்ட், 100 டிபிஐ படத்தில் அது இரண்டு பிக்சலுக்குச் சற்று மேல். சாய்ந்து போகும் கோட்டில் முழுப் பச்சையாக இருக்கும் பிக்சல்கள் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் பச்சையும் வெள்ளையும் வெவ்வேறு அளவில் கலந்தவை. படிக்கட்டுபோலத் தெரியாமல் இருக்கத்தான் அந்தக் கலப்பு, ஆன்டி-அலையாசிங் என்பது இதைத்தான். பாதிப் பச்சை, பாதி வெள்ளை கலந்த பிக்சல் ஏறக்குறைய (150, 208, 150). கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள தூரத்தை 100 என்று வைத்தால், இது அசல் பச்சையிலிருந்து 36 தள்ளி நிற்கிறது. 15% ஃபஸ் கொடுத்தால் அது மாட்டாது, ஆகவே நடுவில் நீலம், இருபுறமும் வெளிர்ப் பச்சை மீசை என்று கோடு வரும். சரி, 36-ஆக உயர்த்தலாமே என்றால், நடுத்தர சாம்பல் (128, 128, 128) பச்சையிலிருந்து 28 தூரத்தில்தான் இருக்கிறது. எழுத்தின் ஓரங்களில் இருப்பது அந்தச் சாம்பல்தான். ஃபஸ்ஸை உயர்த்தினால் எழுத்தெல்லாம் நீலப் புள்ளி பூத்துவிடும்.

அதாவது கோட்டின் ஓரத்தைப் பிடித்து எழுத்தை விட்டுவைக்கும் ஒரு ஃபஸ் எண் இந்தப் படத்துக்கு இல்லவே இல்லை. 18, 20, 22 என்று மாற்றி மாற்றிப் போட்டு நான் ஒரு மாலை நேரத்தைத் தொலைத்தேன், கணக்குப் போட்டிருந்தால் ஐந்தாவது நிமிடமே விட்டிருப்பேன்.

மேட்ரிக்ஸ் வழி

இதைத்தான் கடைசியில் எடுத்துக்கொண்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிக்சலைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம் என்பதுதான் இதன் அடிப்படை. படத்தின் எல்லாப் பிக்சலையும் ஒரே 3×3 மேட்ரிக்ஸால் பெருக்குகிறோம், அவ்வளவுதான். ஓரப் பிக்சல் என்பது பச்சையும் வெள்ளையும் ஏதோ விகிதத்தில் கூட்டிய கலவை. வெள்ளையை வெள்ளையாகவே விட்டு, பச்சையை நீலமாக மாற்றும் ஒரு மேட்ரிக்ஸ் இருந்தால், அதே விகிதத்தில் கலந்த ஓரப் பிக்சல் தானாகவே நீலமும் வெள்ளையும் அதே விகிதத்தில் கலந்ததாக மாறிவிடும். மீசை முளைக்க இடமே இல்லை. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சிவப்பும் பச்சையும் கலந்திருந்தாலும் அப்படித்தான், கோட்டைச் சுற்றி ஒளிபுகும் வெளிர்ப் பட்டை போட்டிருந்தாலும் அப்படித்தான்.

3×3 மேட்ரிக்ஸில் மூன்று நிறங்கள் எங்கே போக வேண்டும் என்று நாம் சொல்லலாம். கறுப்பு பூச்சியம் என்பதால் எதனால் பெருக்கினாலும் கறுப்பாகவே இருக்கும், அது இலவசம். வெள்ளைக்கு ஓர் இடம் போனால் மிச்சம் இரண்டு, எனக்கு வேண்டியதும் இரண்டு கோடுதான். கறுப்பும் வெள்ளையும் அசையாததால் நடுவில் உள்ள சாம்பலும் அசையாது, எழுத்தும் கட்டக் கோடும் அப்படியே இருக்கும்.

```
import numpy as np
from PIL import Image

old = np.array([[255,255,255],[214,39,40],[44,160,44]], float)
new = np.array([[255,255,255],[213,94,0],[0,74,128]], float)
X = np.linalg.solve(old, new)

im = np.asarray(Image.open("chart.png").convert("RGB"), float)
out = np.clip(im @ X, 0, 255).round().astype("uint8")
Image.fromarray(out).save("out.png")
```

`old` என்பதில் பழைய நிறங்கள், `new` என்பதில் அதே வரிசையில் புதியவை. பழைய நிறத்தை உத்தேசமாகப் போடாதீர்கள், படத்தை 800 சதவீதம் பெரிதாக்கி, லெஜெண்டில் இருக்கும் கிடைக்கோட்டின் நடுப் பிக்சலிலிருந்து எடுங்கள். படத்தின் பின்னணி ஒளிபுகுவதாக இருந்தால் முதலில் வெள்ளைமேல் வைத்துத் தட்டையாக்குங்கள், இல்லையென்றால் `convert("RGB")` பின்னணியைக் கறுப்பாக்கிவிடக்கூடும். இன்னொன்று, நிறங்களைப் பற்றி அதிகம் படித்தவர்களுக்கு "கலக்கும் முன் காமாவை நீக்க வேண்டாமா" என்று தோன்றும். இங்கே வேண்டாம். சார்ட்டை வரைந்த மென்பொருளே காமா நீக்காமல் நேராகத்தான் கலந்தது, நாமும் அதே வழியில்தான் திரும்பிப் போக வேண்டும்.

புதிய நிறமாக இந்த இரண்டை ஏன் எடுத்தேன்? ஒகாபே, இட்டோ என்ற ஜப்பானியர்கள் இருவர் தொகுத்த எட்டு நிறப் பட்டியல் பலருக்கும் தெரிந்திருக்கும், அதிலிருந்து செம்மஞ்சள் `#D55E00`, நீலம் `#0072B2` இரண்டையும்தான் முதலில் போட்டேன். குரோமின் டெவலப்பர் கருவிகளில் `Rendering` பகுதியில் `Emulate vision deficiencies` என்று ஒன்று உண்டு, அதில் பார்த்தால் சிவப்பு-பச்சைக் குறைபாட்டில் ஒன்று மஞ்சள்பழுப்பாகவும் மற்றது நீலமாகவும் பளிச்சென்று பிரிந்தன. நல்லது என்று கறுப்பு-வெள்ளைப் பிரிண்ட் ஒன்று எடுத்தேன், அங்கே வம்பு. பழைய சிவப்புக்கும் பச்சைக்கும் ஒளிர்வு விகிதம் ஏறக்குறைய 1.5:1. புதிய ஜோடிக்கு 1.3:1-தான் இருந்தது, அதாவது கறுப்பு-வெள்ளையில் பழையதைவிட மோசம். நிறக்குருடு உள்ளவருக்கு உதவப்போய், ஜெராக்ஸ் எடுத்துப் படிப்பவருக்கு உபத்திரவம்.

செம்மஞ்சளுக்குப் பதில் அதே பட்டியலின் வெளிர் ஆரஞ்சு `#E69F00` போட்டால் விகிதம் 2.3 ஆகும், ஆனால் அந்த ஆரஞ்சு வெள்ளைப் பின்னணியில் 2.25:1-தான் கொடுக்கும். இணைய அணுகல்தன்மை விதிகளான டபிள்யூசிஏஜி இப்படிப்பட்ட கோடுகளுக்குக் கேட்பது குறைந்தது 3:1. பட்டியலில் இருக்கிறது என்பதற்காக மெல்லிய கோட்டுக்கு எல்லா நிறமும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆகவே செம்மஞ்சளை அப்படியே வைத்துக்கொண்டு நீலத்தை மட்டும் இருட்டாக்கி `#004A80` என்று போட்டேன், அது பட்டியலில் இல்லாத நிறம், இருக்கட்டும். இரண்டுக்கும் இடையே 2.4:1, வெள்ளையோடு ஒன்று 3.9, மற்றது 9.2. ஸ்கிரிப்ட்டில் ஒரே ஒரு வரியில் எண்ணை மாற்றியதோடு வேலை முடிந்தது.

இந்த வழிக்கு எல்லை உண்டு, அதையும் பார்த்துவிடலாம். அதே சார்ட்டில் மேட்பிளாட்லிப்பின் நீலம் `#1f77b4` மூன்றாவது கோடாக இருந்திருந்தால்? நாம் சொல்லாத நிறத்தை மேட்ரிக்ஸ் தன் இஷ்டத்துக்கு எங்காவது கொண்டுபோய் வைக்கும். முதலில் போட்ட நீலத்தோடு கணக்குப் போட்டுப் பார்த்தேன், (55, 96, 143) வந்தது, பச்சைக் கோட்டின் புதிய நீலத்துக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டது. நூறு சதவீதம் மோதல் இல்லை, ஆனால் மெல்லிய கோட்டில் பிரித்துப் பார்க்க முடியாது. மூன்று கோடு இருந்தால் கறுப்பைக் கைவிட்டு, வெள்ளையோடு மூன்று நிறங்களையும் பிடித்துக்கொள்ளும்படி கணக்கை மாற்றலாம் (படத்தை எதிர்மறையாக்கி, பெருக்கி, திரும்பவும் எதிர்மறையாக்கினால் வெள்ளை இலவசமாகிவிடும்). அப்போது எழுத்துக்குச் சாயம் ஏறும், அதனால் அச்சுகளுக்கு உள்ளே இருக்கும் பகுதியையும் லெஜெண்டின் சிறு கோடுகளையும் மட்டும் வெட்டி எடுத்து மாற்றி மறுபடி ஒட்ட வேண்டும், கட்டக் கோட்டில் ஏறும் இலேசான சாயத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான்கு கோடென்றால் இந்த வழியை மறந்துவிடலாம்.

ஜேபெக் படமென்றால்? பெரும்பாலான ஜேபெக்குகளில் வெளிச்ச விவரம் முழுதாகவும் நிற விவரம் நீளத்திலும் அகலத்திலும் பாதிப் பாதியாகவும் சேமிக்கப்பட்டிருக்கும், அதனால் இரண்டு பிக்சல் கோட்டின் நிறம் பக்கத்துப் பிக்சலில் வழிந்து வெளிறியிருக்கும். தேடி மாற்றும் வழி இதில் முழுத் தோல்வி. மேட்ரிக்ஸ் ஓரளவு தாக்குப்பிடிக்கும், வழிந்ததும் சேர்ந்தே நிறம் மாறும். ஆனால் பழைய நிறங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால், உதாரணத்துக்கு இரண்டு விதப் பழுப்பு, மேட்ரிக்ஸின் எண்கள் 5, 8 என்று வீங்கிவிடும், படத்தில் இருந்த சின்னச் சின்ன அழுக்கெல்லாம் அத்தனை மடங்காகும். `print(X)` போட்டுப் பாருங்கள், எண்கள் ஒன்று, ஒன்றரைக்குள் இருந்தால் கவலையில்லை. என் சார்ட்டில் அப்படித்தான் இருந்தன.

படத்திலிருந்து எண்களைத் திரும்ப எடுப்பது

`WebPlotDigitizer` மாதிரி கருவியில் படத்தை ஏற்றி, ஒவ்வொரு அச்சிலும் மதிப்பு தெரிந்த இரண்டு புள்ளிகளைக் காட்டி, கோட்டின் நிறத்தைக் கொடுத்தால் அது புள்ளிகளை எடுத்துத் தரும், அதை வைத்து மறுபடி வரையலாம். நான்கைந்து கோடு இருக்கும் சார்ட்டுக்கு உண்மையில் இதுதான் வழி, புதிதாக வரைவதால் நிறம் மட்டுமல்ல, கோட்டின் வகை, எழுத்தின் அளவு எல்லாம் நம் கையில்.

ஆனால் இது நிறம் மாற்றும் வேலை அல்ல, டேட்டாவைத் தொடும் வேலை. என் சார்ட்டில் நெடுக்கு அச்சு 0 முதல் 80 வரை 400 பிக்சலில் இருந்தது, ஒரு பிக்சல் என்றால் 0.2. அதைவிட நுணுக்கமாக எதுவும் கிடைக்காது, கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அடியில் போன கோட்டின் புள்ளிகள் கிடைக்கவே கிடைக்காது, கருவி குறுக்கே இழுத்து இட்டுக்கட்டும். சின்ன கூரிய உச்சிகள் மழுங்கிப்போகும். இந்த வழியில் போனால் புதிய சார்ட்டைப் பழைய படத்தின்மேல் பாதி ஒளிபுகும்படி வைத்துப் பாருங்கள், எங்கே விலகுகிறது என்று உடனே தெரியும். அப்புறம் சார்ட்டின் அடியில் "அசல் படத்திலிருந்து அளந்து மறுபடி வரையப்பட்டது" என்று ஒரு வரி போட்டாக வேண்டும். அதைப் போடாமல் விட்டால், நாளைக்கு யாராவது உங்கள் சார்ட்டை மறுபடி அளந்து எண்ணாக மேற்கோள் காட்டுவார்கள்.

நிறத்தைத் தொடாமல் பெயர் எழுதுவது

அலுவலகத்தில் ஒரு நண்பர் என் மேட்ரிக்ஸை எல்லாம் பார்த்துவிட்டு, "கோட்டு முனையில் பேரை எழுதினால் போதாதா?" என்று கேட்டார். போதும்தான், பாதி நேரங்களில். இங்க்ஸ்கேப்பில் படத்தை வைத்து, வலது முனையில் ஒவ்வொரு கோட்டின் பெயரையும் கறுப்பில் எழுதி, ஒரு கோட்டின்மேல் அங்கங்கே சின்ன வட்டம், மற்றதன்மேல் சதுரம் வைத்து, பழைய லெஜெண்டை வெள்ளையால் மூடிவிட்டால் பத்து நிமிடத்தில் ஆயிற்று. டபிள்யூசிஏஜி நிறத்தை மட்டுமே அடையாளமாக நம்பக் கூடாது என்று சொல்வதும் இதைத்தான், பிரிண்ட்டிலும் வேலை செய்யும், ஜேபெக்கானாலும் கவலையில்லை.

கோடுகள் வெட்டிக்கொள்ளாமல் போனால் நான் இதைத்தான் செய்வேன், நிறம் மாற்றவே மாட்டேன். வெட்டிக்கொண்டால்தான் சிக்கல், வெட்டிய பிறகு எது மேலே போயிற்று எது கீழே போயிற்று என்று முனைப் பெயரிலிருந்து பின்னோக்கிக் கோட்டைப் பின்தொடர வேண்டும். என் சார்ட்டில் மூன்று வெட்டு. ஒவ்வொரு துண்டிலும் வட்டமும் சதுரமும் வைத்தால் பார்க்கவே கொசு மொய்த்ததுபோல் இருந்தது, அதுமட்டுமில்லாமல் இல்லாத இடத்தில் புள்ளி வைத்தால் படிப்பவர் அதை அளவீட்டுப் புள்ளி என்று எடுத்துக்கொள்வார். குறி வைக்கும் யோசனையை அங்கேயே விட்டேன், முனைப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஆக நான் கடைசியில் செய்தது இதுதான்: மேட்ரிக்ஸால் நிறம் மாற்றி, கோட்டு முனையில் பெயர் எழுதி, லெஜெண்டை எடுத்துவிட்டேன். பட்டை சார்ட்டாக இருந்தால் தேடி மாற்றுவதோடு நின்றிருப்பேன், நான்கு கோடு வெட்டிக்கொண்டிருந்தால் எண்களைத் திரும்ப எடுக்கும் வேலைக்கு ஒரு நாளை ஒதுக்கியிருப்பேன்.

எல்லாம் முடித்து அறிக்கையை மறுபடி ஏற்றிய பிறகு, முதலில் எழுதியிருந்த அதே நபர் திரும்ப எழுதினார். சார்ட் இப்போது தெளிவாக இருக்கிறதாம், ஆனால் அதற்குக் கீழே இருக்கும் பத்தியில் "சிவப்புக் கோடு மார்ச்சுக்குப் பிறகு இறங்குகிறது" என்று இருக்கிறதே, எந்தக் கோடு அது என்று கேட்டிருந்தார். அறிக்கை முழுக்க "சிவப்பு", "பச்சை" என்று தேடினேன், பதினொரு இடம். எல்லாவற்றிலும் நிறத்தை எடுத்துவிட்டுக் கோட்டின் பெயரைப் போட்டேன்.